இரண்டு மாட்டுக் கொட்டகைக்கு எந்தப் பசு?

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் மாடு வாங்கப் போகிறவரிடம் தரகர் முதலில் சொல்வது லிட்டர் கணக்குதான். “வேளைக்கு ஆறு லிட்டருங்க” என்றால் அது ஜெர்சி கலப்பு. பக்கத்தில் கட்டியிருக்கும் காங்கேயம் பசுவுக்கு அவர் லிட்டர் சொல்லமாட்டார். திமிலையும் கொம்பையும் காலையும் காட்டுவார், கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்பார். ஒரே சந்தையில் நிற்கும் இந்த இரண்டு பசுக்களையும் விற்பவர் வேறு வேறு அளவுகோலால் அளக்கிறார். வாங்குகிற குடும்பம் மட்டும் இரண்டையும் பாலால் மட்டுமே அளந்து, ஒரு வருடம் கழித்து “மாட்டுல ஒண்ணும் நிக்கல” என்று சலித்துக்கொள்கிறது.

ஒன்றிரண்டு மாடு வைத்து, வீட்டுக்குப் போக மிச்சப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றும் குடும்பத்துக்கு எது ஏற்றது என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. ஆனால் அந்தக் குடும்பத்திடம் என்ன தீவனம் இருக்கிறது என்று தெரிந்தால் பதில் பெரும்பாலும் உறுதியாகக் கிடைத்துவிடும். பாலைவிடத் தீவனத்தை முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. அதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் பால். நல்ல பராமரிப்பில் உள்ள ஜெர்சி கலப்பினப் பசு ஈன்ற இரண்டாம் மாதத்தில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தரும். அதுதான் உச்சம். அங்கிருந்து மாதாமாதம் இறங்கி, பத்தாம் மாதத்தில் மூன்று நான்கு லிட்டரில் வந்து நிற்கும். பத்து மாதக் கறவையைச் சராசரியாகப் பார்த்தால் நாளுக்கு ஏழு, ஏழரை லிட்டர்தான். தரகர் சொன்ன வேளைக்கு ஆறு லிட்டர் பொய்யல்ல. அது இரண்டாம் மாதத்துக் கணக்கு. ஆக, ஓர் ஈத்துக்கு ஏறத்தாழ 2,250 லிட்டர். கன்றுக்கு விட்டது போக 2,100 லிட்டர் விற்கலாம்.

காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைச் செம்மைப்படுத்தியதும் காளையின் இழுவைத் திறனை வைத்துத்தான். பசுவின் பால் தன் கன்றை நன்றாக வளர்க்கப் போதுமா என்று பார்த்தார்களே தவிர, குடம் நிறையுமா என்று பார்க்கவில்லை. ஓர் ஈத்துக்குச் சராசரியாக 540 லிட்டர் என்று பதிவுகள் சொல்கின்றன. கன்றை ஊட்டவிட்டால்தான் பால் சுரக்கும். கன்று இறந்துவிட்டால் பல பசுக்கள் பாலை அடக்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட்டுக் கறந்தால் வீட்டுக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் கிடைக்கும். அதுவும் எட்டு மாதம்வரைதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். “நாட்டு மாடு” என்ற ஒரே பெயரில் காங்கேயத்தையும் குஜராத்தின் கிர் மாட்டையும் பஞ்சாப் பக்கத்துச் சாஹிவாலையும் சேர்த்துப் பேசுகிறார்கள். கிர்ரும் சாஹிவாலும் பாலுக்கென்றே வளர்க்கப்பட்டவை. ஓர் ஈத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல் தரும் பசுக்கள் அவற்றில் உண்டு. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகிய நம் இனங்கள் எல்லாமே வேலைக்கான மாடுகள். வடக்கத்தி நாட்டு மாட்டின் பால் கணக்கைக் கேட்டுவிட்டுக் காங்கேயம் பசுவை வாங்கினால் ஏமாற்றம்தான். அதில் பசுவின் குற்றம் எதுவுமில்லை.

இனித் தீவனம். கலப்பினப் பசுவுக்கு அடர்தீவனம் எவ்வளவு வைப்பது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உடம்பைத் தாங்க ஒரு கிலோ. அதன்மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. ஏழரை லிட்டர் கறக்கும் பசுவுக்கு நாளுக்கு நான்கு கிலோ. கூடவே பசுந்தீவனம் இருபது கிலோ, சோளத்தட்டோ வைக்கோலோ நான்கு கிலோ. பால் வற்றிய பிறகும் வயிற்றில் கன்று வளர்வதால் நாளுக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம் வைத்தே ஆகவேண்டும். பலர் தவறுகிற இடம் இது. பால் நின்றதும் தீவனத்தை நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஈத்தில் பசு உச்சத்துக்கே வராது.

ஓர் ஈத்திலிருந்து அடுத்த ஈத்துவரை பதினான்கு மாதம், அதாவது 420 நாள் என்று வைத்துக்கொள்வோம். கறவையில் 300 நாளுக்கு 1,200 கிலோ, வற்றிய 120 நாளுக்கு 180 கிலோ என்று மொத்தம் 1,380 கிலோ அடர்தீவனம். கிலோ 28 ரூபாய் என்றால் 38,640 ரூபாய். பசும்புல்லைக் கிலோ மூன்று ரூபாய்க்கும் தட்டைக் கிலோ ஏழு ரூபாய்க்கும் விலைக்கு வாங்கினால் அதற்கு 36,960 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 75,600. பால் லிட்டர் 35 ரூபாய் என்று 2,100 லிட்டருக்கு வரவு 73,500 ரூபாய்.

மருந்துச் செலவையும் சினை ஊசியையும் தாது உப்பையும் இன்னும் சேர்க்கவேயில்லை. பசு நோயில்லாமல் நன்றாகக் கறந்த ஈத்திலேயே, எல்லாத் தீவனத்தையும் காசுக்கு வாங்குகிற வீட்டில் இரண்டாயிரம் ரூபாய் கையைக் கடிக்கிறது. உங்கள் ஊரில் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அந்த விலைகளைப் போட்டுப் பாருங்கள். முடிவு பெரிதாக மாறாது.

அதே பசு, பசும்புல்லும் தட்டும் சொந்த நிலத்தில் கிடைக்கும் வீட்டில் இருந்தால் கதை வேறு. அப்போது காசாகச் செலவாவது அடர்தீவனம் மட்டும்தான். 73,500இல் அதைக் கழித்தால் 34,860. ஊசி, மருந்து, தாது உப்பு, காப்பீடு என்று ஆறாயிரம் போனாலும் 28,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். அந்த வீட்டாரின் உழைப்புக்கான கூலி இதற்குள்தான் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று ஆகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் பத்து நாளைக்கு ஒருமுறை கையில் வரும் காசு என்பதால் பல வீடுகளில் மளிகைக் கடனை அடைப்பது இதுதான்.

இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது ஒரு பசுவுக்குப் பத்து சென்ட் பாசன நிலம். கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை அதில் நட்டால் முதல் அறுவடை எழுபது எழுபத்தைந்து நாளில். பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். வரப்பில் அகத்தியோ வேலிமசாலோ இருந்தால் புரதத்துக்காகப் புண்ணாக்குக்குக் கொடுக்கும் காசும் குறையும். தண்ணீர் மட்டும் தடைபடக்கூடாது. கிணறு சித்திரையில் வற்றினால் புல்லும் வற்றும். அப்போது மறுபடி முதல் கணக்குக்கே வந்துவிடுவோம்.

காங்கேயத்தின் தீவனக் கணக்கு வேறொரு நிலத்தைச் சார்ந்தது. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெய்கிற அந்த வறண்ட பூமியில் கொறங்காடு என்ற மேய்ச்சல் முறை இருக்கிறது. கிளுவை வேலி அடைத்த காட்டில் கொழுக்கட்டைப்புல் வளர்ந்து நிற்கும். இடையிடையே வெள்வேல் மரங்கள் நிழலும் கொடுக்கும், காயும் உதிர்க்கும். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றொன்றைத் தழையவிடுவார்கள். இங்கே மேய்கிற காங்கேயம் பசுவுக்குப் பசும்புல் வாங்க வேண்டியதில்லை. கறவையில் இருக்கும்போது பருத்திக்கொட்டை, தவிடு, புண்ணாக்கு என்று நாளுக்கு ஒரு கிலோ. எட்டு மாதத்துக்கு 240 கிலோ, 6,720 ரூபாய். மேய்ச்சல் காய்ந்த நாட்களுக்கு 800 கிலோ தட்டு, 5,600 ரூபாய். ஆக 12,320 ரூபாய் செலவு. ஈத்து இடைவெளி பதினாறு மாதம்வரை நீளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வரவு? நாளுக்கு இரண்டு லிட்டர் வீதம் 480 லிட்டர். சொசைட்டி விலையில் 16,800 ரூபாய். செலவு போக நிற்பது நாலரை ஆயிரம். பாலை நம்பி இந்தப் பசுவை வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே பாலை நாட்டு மாட்டுப் பாலென்று லிட்டர் 80 ரூபாய்க்கு வாடிக்கையாக வாங்கிக்கொள்ளும் நான்கு வீடுகள் பக்கத்து ஊரில் இருந்தால் 38,400 வரும். செலவு போக 26,000. கலப்பினப் பசுவின் மிச்சத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. ஆனால் இரண்டு லிட்டரைத் தினமும் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும், வீடுகள் நிலையாக வாங்க வேண்டும். நாட்டுப் பசுவின் பாலில் இருப்பது ஏ2 வகைப் புரதம் என்பது பெரும்பாலும் உண்மைதான். அது நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பதற்குத்தான் போதிய ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்லாமலே அந்தப் பாலுக்கு வாடிக்கையாளர் கிடைக்கிறார்கள்.

காங்கேயத்தின் உண்மையான வருமானம் கன்று. பிறக்கும்போது செந்நிறமாக இருந்து ஆறு மாதம் வாக்கில் சாம்பல் பூக்கும் காளைக் கன்று நல்ல வாகோடு வளர்ந்தால், சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அதற்கு ஆள் வரும். வண்டிக்கு, ரேக்ளாவுக்கு, ஜல்லிக்கட்டுக்கு, இனவிருத்திக்கு என்று தேடி வாங்குவார்கள். கன்றுக்குப் பால் குறைத்துக் கறந்தவருக்கு அந்தச் சந்தையில் விலை கிடைக்காது. ஜெர்சி கலப்பில் இது தலைகீழ். கிடாரிக் கன்று என்றால் அடுத்த பசு வீட்டிலேயே வளர்கிறது என்று பொருள். காளைக் கன்று என்றால் அது குடிக்கும் பாலுக்குக்கூட விலை கிடைக்காமல் போகும். பல வீடுகளில் அந்தக் கன்றுகள் பால் இல்லாமலே சாகின்றன. சொல்லக் கூசுகிற உண்மை இது. கிடாரிக் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த சினை ஊசி இப்போது கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது கணக்குக்கும் நல்லது, அந்த உயிர்களுக்கும் நல்லது.

நோய்க்கு வருவோம். இரண்டு இனங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகவும் தெளிவாகத் தெரிவது இங்கேதான். எல்லா நோயையும் அடுக்கப்போவதில்லை. கொங்குப் பக்கத்துக் கொட்டகைகளில் பணத்தைக் கரைக்கும் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது உண்ணிக் காய்ச்சல். தைலேரியா என்ற ஒட்டுண்ணியை மாட்டு உண்ணிகள் பரப்புகின்றன. நாட்டு மாட்டின் ரத்தத்திலும் இந்தக் கிருமி இருக்கும். ஆனால் கன்றுப் பருவத்திலேயே உண்ணிக் கடிபட்டுப் பழகியதாலும் பரம்பரையாகவே தாங்கும் தன்மை இருப்பதாலும் அது பெரும்பாலும் காய்ச்சலில் விழுவதில்லை. கலப்பினப் பசுவுக்கு அதே கிருமி உயிரை வாங்கும். காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல் ஏறும், பால் ஒரே நாளில் பாதியாகும். தோள்பட்டைக்கு முன்னால் தடவிப் பார்த்தால் கோழிமுட்டை அளவுக்குக் கட்டி தட்டுப்படும். கண் இமையின் உட்புறத்தை விரித்துப் பாருங்கள். சிவப்பு குறைந்து வெளிறியிருந்தால் ரத்தம் குறைகிறது என்று பொருள். இந்த அடையாளங்களைக் கண்ட அன்றே கால்நடை மருத்துவரை அழைத்து ரத்தப் பரிசோதனை செய்தால், இதற்கென்றே உள்ள ஊசி மருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். மூன்று நாள் சாதாரணக் காய்ச்சல் ஊசி போட்டுக் காத்திருந்தால் பசு படுத்துவிடும். பிழைத்தாலும் ஒரு மாதக் கறவை போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்: நாளுக்கு ஏழு லிட்டர் வீதம் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல், மருந்துச் செலவு தனி.

இதில் பலர் மாட்டுக்கு மட்டும் மருந்து தடவுகிறார்கள். உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மாட்டின்மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் தரைக் கீறலிலும்தான் ஒளிந்துகொண்டு முட்டையிடுகிறது. வெடிப்புகளைச் சிமென்ட் பூசி அடைத்து, சுண்ணாம்பு அடித்துவிட்டு, பிறகு மாட்டுக்கு மருந்து தடவினால்தான் பலன்.

இரண்டாவது மடி நோய். அதிகம் கறக்கிற மடியில்தான் இது அதிகம் வரும். காங்கேயம் போன்ற சிறு மடியில் குறைவு. கறந்து முடித்த பிறகு அரைமணி நேரம்வரை காம்பின் துளை முழுதாக மூடியிருக்காது. அந்த நேரத்தில் பசு ஈரச் சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே போகிறது. கறந்து முடித்ததும் தொட்டியில் தீவனத்தை வைத்துவிடுங்கள். தின்றுகொண்டு நிற்கும்வரை படுக்காது. இந்த ஒரு பழக்கத்துக்குக் காசு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வேளையும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீய்ச்சிப் பார்த்தால், திரித்திரியாக வருகிறதா என்று அன்றே தெரிந்துவிடும். தொடக்கத்திலேயே கண்டால் 250 கிராம் சோற்றுக் கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்து, நீர்க்கக் கரைத்து நாளுக்குப் பத்து முறை மடியில் பூசும் மரபு மருத்துவத்தைத் தமிழ்நாட்டின் கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பினார். தேசிய பால்வள வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது. காய்ச்சல் வந்து மடி கல்லாக இறுகிவிட்டால் மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு காம்பு அடைத்துப்போன பசுவுக்குப் பிறகு சந்தையில் பாதி விலைகூடக் கிடைப்பது அரிது.

கோமாரி இரண்டு இனத்தையும் தொடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் தடுப்பூசியை நாட்டு மாடுதானே என்று விட்டுவிடுவது தவறு. காங்கேயம் வாய்ப்புண்ணும் கால்புண்ணும் ஆறி எழுந்துவிடும். கலப்பினப் பசு எழுந்தாலும் அதன்பின் வெயிலில் நாக்கைத் தள்ளி மூச்சிரைப்பதும், பால் பழையபடி ஏறாமல் போவதும் உண்டு.

நோயென்று யாரும் எண்ணாத ஒரு நட்டம் சினை பிடிக்காமல் போவது. தீவனம் குறைந்த கலப்பினப் பசு, கத்தாமல் ஒழுக்காமல் பருவத்துக்கு வந்து போய்விடும். ஒரு பருவம் தவறினால் அடுத்தது இருபத்தொரு நாள் கழித்துத்தான். பால் இல்லாத பசுவுக்கு நாளுக்கு 130 ரூபாய்த் தீவனம் என்றால், தவறிய ஒவ்வொரு பருவத்துக்கும் 2,700 ரூபாய். மூன்று பருவம் தவறினால் மேலே பார்த்த மிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. ஈன்று அறுபது நாள் ஆனதிலிருந்து காலையும் மாலையும் பின்புறத்தைக் கவனிப்பதும், தேதியைக் காலண்டரில் குறிப்பதும் மாடு வைத்திருப்பவரின் வேலையில் பாதி.

கலப்பு என்றால் எவ்வளவு கலப்பு என்பதும் முக்கியம். சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைக் குளிருக்குப் பிரீசியன் என்பது தமிழ்நாட்டு இனவிருத்தியில் நெடுநாளாக உள்ள வழிமுறை. சமவெளியிலும் ஜெர்சி ரத்தம் 50 முதல் 62.5 விழுக்காட்டுக்குள் இருக்கும் பசுதான் பாலையும் வெயிலையும் சேர்த்துத் தாங்குகிறது. ஒவ்வொரு முறையும் சுத்த ஜெர்சிக் காளையின் ஊசியையே போட்டுக்கொண்டு போனால் மூன்றாம் தலைமுறையில் திமிலே இல்லாத, பங்குனி வெயிலுக்கே வாய்பிளந்து நிற்கிற கிடாரி வரும். ஊசி போட வருபவரிடம் எந்தக் காளை, எத்தனை விழுக்காடு என்று கேட்டு எழுதிவைப்பது நம் உரிமை.

ஆகவே என் தீர்ப்பு இது. பத்து சென்ட் பாசனப் புல்லும், பகலில் வீட்டில் இருந்து மாட்டைப் பார்க்க ஓர் ஆளும், ஐந்தாறு கிலோமீட்டருக்குள் கால்நடை மருந்தகமும் இருக்கிற குடும்பத்துக்கு இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்புப் பசு. கிணறு நம்ப முடியாதது, ஆனால் மானாவாரி மேய்ச்சல் காடு இருக்கிறது என்றால் காங்கேயம். அதிலும் கன்றை விற்கத் தெரிந்திருக்க வேண்டும். புல்லும் இல்லை, காடும் இல்லை, எல்லாம் விலைக்குத்தான் என்றால் பால் விற்பதற்காக எந்தப் பசுவையும் வாங்க வேண்டாம்.

கலப்பினப் பசு என்று முடிவு செய்துவிட்டீர்களானால், சந்தையில் ஒருவேளை கறந்து காட்டியதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். முந்தின வேளை கறக்காமல் மடியைக் கட்டிவைத்து நிறுத்துவது பழைய வழக்கம். விற்பவர் வீட்டுக்கே போய், மாலை, மறுநாள் காலை, மறுபடி மாலை என்று தொடர்ந்து மூன்று வேளை கூடவே நின்று கறந்து பாருங்கள். பிந்திய இரண்டு வேளைப் பால்தான் அந்தப் பசுவின் பால். நான்கு காம்பையும் தனித்தனியே பீய்ச்சிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.